நூல் புடிச்ச மாதிரி மூணு மானிட்டர்: பணகுடி காத்தாடி ரூமுல ஒரு நாள் வேலை

வணக்கம் மக்களே, எப்படி இருக்கிய எல்லாரும்? பின்னால சத்தம் கேக்குதா? அது மழை இல்ல, ஆடிக் காத்து. நான் இப்ப பணகுடியில நிக்கேன். ஜன்னல் வழியா பாத்தா கண்ணுக்கெட்டுன தூரம் வரைக்கும் காத்தாடிதான். இந்தக் காத்தாடிகளைப் பராமரிக்கிறவங்களோட கண்காணிப்பு ரூம் இது. ஷிப்ட் போட்டு ஒரு ஆள் உக்காந்து காத்து வேகம், எந்த மிஷின் எவ்வளவு கரண்ட் குடுக்கு, எது நின்னு போச்சுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்.

மூணு மானிட்டர், மூணும் 24 இன்ச். இதுவரைக்கும் ஸ்டாண்டுல நின்னுச்சு. உயரம் பத்தலன்னு ஒண்ணுக்கு அடியில பழைய ரெஜிஸ்டர் நோட்டு ரெண்டு, இன்னொண்ணுக்கு அடியில மிக்சர் டப்பா! பொறுப்பு பாக்குற அண்ணாச்சி மானிட்டரை மேசைக்கு மேல அந்தரத்துல தாங்கிப் புடிக்கிற கை மாதிரி மூணு கேஸ் ஸ்பிரிங் ஆர்மை வாங்கி வச்சிட்டு, "தம்பி, வந்து மாட்டிக் குடுங்க, ஒரு மணி நேர வேலைதான"ன்னாரு. காலையில பத்து மணிக்கு ஆரம்பிச்சேன். இப்ப மணி அஞ்சு.

மாட்டுறது நெசமாவே ஒரு மணி நேரந்தான். மிச்ச நேரம் பூரா மூணையும் ஒரே கோட்டுல கொண்டு வாரதுக்குப் போச்சு. அதைத்தான் இன்னைக்குச் சொல்லப் போறேன். இதுக்கு நான் எடுத்துட்டு வந்த சாமானைப் பாருங்க. ரசமட்டம், நூல்கண்டு, தூக்குக்குண்டு. எங்கப்பா கொத்தனாரு. அவரு பையிலருந்து கேட்டு வாங்கிட்டு வந்தேன். "கம்ப்யூட்டர் மாட்டுறதுக்கு என்னத்துக்குல தூக்குக்குண்டு?"ன்னு கேட்டாரு. என்னத்துக்குன்னு பாப்போம்.

முதல்ல மேசை. பாக்க தேக்கு மாதிரி இருக்கு, உள்ள மரத்தூள அமுக்கிச் செஞ்ச 18 மில்லி பலகை. ஆர்ம் மேசையோட பின் விளிம்பைக் கவ்விப் புடிச்சு நிக்கும். அந்தக் கவ்வி இந்தப் பலகையில கொஞ்சங் கொஞ்சமா அமுங்கும். அமுங்குனா என்ன ஆகும்? கவ்வி உக்காருற இடம் பத்து சென்டிமீட்டர்னு வைங்க. அதுல ஒரு மில்லி அமுங்குனா, முப்பது சென்டிமீட்டர் முன்னால தொங்குற மானிட்டர் மூணு மில்லி இறங்கும். ஒரு மானிட்டர் மட்டும் அப்படி இறங்குனா மூணும் சேந்து நிக்கிற இடத்துல பளிச்சுன்னு தெரியும். அதனால வெல்டிங் பட்டறையில மூணு மில்லி கனத்துல, ஒரு சாண் அகலத்துக்கு ஆறு இரும்புத் தகடு வெட்டி வாங்கிட்டு வந்தேன். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல பலகை. ஓரத்தை அரம் வச்சுத் தேச்சிருங்க, இல்லன்னா கை கிழியும்.

இன்னொண்ணு, மேசையைச் சுவத்தோட ஒட்டிப் போடாதீங்க. நடு மானிட்டர் பின்னால தள்ளி இருக்கணும்னா ஆர்ம் மடங்கணும். மடங்குனா அதோட முழங்கை மேசையைத் தாண்டிப் பின்னால நீட்டும். இங்க சுவத்துல இடிச்சு, பெயின்ட் பேந்து போச்சு. அப்புறம் மேசையை ஒரு முழம் இழுத்துப் போட்டோம்.

இப்ப ஸ்பிரிங். மானிட்டரை மாட்டாம ஆர்மைக் கீழ அமுக்கி விட்டீங்கன்னா மூஞ்சில அடிக்கும், சும்மா சொல்லல. மானிட்டரை மாட்டி, ஆர்மைப் படுக்கையா வச்சு, கையை மெதுவா எடுங்க. தானா இறங்குச்சுன்னா ஆலன் கீயை பிளஸ் பக்கம் திருப்பணும், மேல ஏறுச்சுன்னா மைனஸ் பக்கம். விட்ட இடத்துலயே நிக்கிற வரைக்கும் அரை அரைச் சுத்தா திருப்புங்க. ஒரு விஷயம், பாத்துக்கிட்டே இருக்குற மேசைக்கு நான் வாங்கியிருந்தா இந்த ஸ்பிரிங் ஆர்மையே வாங்கியிருக்க மாட்டேன். கம்பியில வளையம் போட்டு முறுக்கி நிறுத்துற ஆர்ம் விலையும் கம்மி, ஒரு தடவை வச்சா அசையாது. இங்க யாரு தெனமும் மானிட்டரை ஏத்தி இறக்கப் போறா? அண்ணாச்சி வாங்கிட்டாரு, இனி என்ன சொல்ல.

சரி, உயரம். மூணு ஆர்மையும் டேப் வச்சு ஒரே உயரத்துல நிறுத்தினேன். மாட்டிப் பாத்தா நடுவுல உள்ளது ரெண்டு சென்டிமீட்டர் தூக்கி நிக்கி. என்னடான்னு பாத்தா, ரெண்டு மானிட்டர் ஒரு கம்பெனி, நடுவுல உள்ளது வேற கம்பெனி. பின்னால ஸ்க்ரூ போடுற நாலு ஓட்டை மூணுலயும் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர்தான், ஆனா அந்த நாலு ஓட்டையும் உடம்புல எந்த உயரத்துல இருக்குங்கறது ஒவ்வொருத்தனுக்கு ஒவ்வொரு மாதிரி. அதனால ஆர்மை அளக்காதீங்க. மேல் விளிம்பைத்தான் அளக்கணும். அதுலயும் பிளாஸ்டிக் சட்டத்தை விட்டுருங்க, ஒருத்தனுக்குச் சட்டம் ரெண்டு மில்லி, இன்னொருத்தனுக்குப் பத்து மில்லி இருக்கும். திரையைப் போட்டு, படம் தொடங்குற கோடு எங்கன்னு பாருங்க.

அந்தக் கோடு எந்த உயரத்துல இருக்கணும்? உக்காருற ஆளோட கண்ணு உயரம். ராத்திரி ஷிப்ட் பாக்குற தம்பியை அவரு நாற்காலியில எப்பவும் போல உக்காரச் சொன்னேன். "நிமிந்து உக்காராதீங்க, வீடியோ எடுக்கலன்னு நெனச்சுக்கோங்க"ன்னேன். என் கேமரா ட்ரைபாடை அவரு கண்ணு பக்கத்துல கொண்டு போய், மேல உள்ள ஸ்க்ரூ நுனியைக் கண்ணு உயரத்துக்கு வச்சு முறுக்கிட்டேன். அவரு எந்திரிச்சுப் போனதும் நாற்காலியை நகத்திட்டு ட்ரைபாடை அதே எடத்துல நிறுத்தியாச்சு. தரையிலருந்து 116 சென்டிமீட்டர் வந்துது. இனி அதுதான் அவரு கண்ணு. பகல் ஷிப்ட் பாக்குறவர் உயரம்னா நாற்காலியை இறக்கிக்கிடட்டும், மானிட்டரைத் தொடக் கூடாது. ஆனா ஒண்ணு, கீழ் பாதி வழியா படிக்கிற கண்ணாடி போட்டவங்க உக்காருற மேசைன்னா இன்னும் நாலஞ்சு சென்டிமீட்டர் இறக்கி வைங்க. இல்லன்னா நாள் பூரா நாடியைத் தூக்கிக்கிட்டே பாப்பாங்க.

ரெண்டு சுவத்துலயும் ஒரு ஆணி, நடுவுல நூலை இழுத்துக் கட்டி, ரசமட்டம் வச்சுப் பாத்து, மூணு மானிட்டருக்கும் மேல் கோடு அந்த நூலைத் தொடுற மாதிரி வச்சேன். மேசையிலருந்து அளக்காதீங்க. இந்த மேசை ஒரு பக்கம் ஆறு மில்லி சாஞ்சு கிடக்கு.

அடுத்தது திருப்பம். பக்கத்து மானிட்டரை எவ்வளவு திருப்பணும்? கோணமானி எல்லாம் வேண்டாம். கணக்கைப் பாருங்க. மானிட்டர் அகலம் 54 சென்டிமீட்டர், பாதி 27. கண்ணுலருந்து நடு மானிட்டர் 70 சென்டிமீட்டர் தூரத்துல இருக்கட்டும். அப்ப கண்ணுலருந்து மானிட்டரோட மூலைக்கு எவ்வளவு? பள்ளிக்கூடத்துல படிச்ச செங்கோண முக்கோணந்தான். 75 வரும். ட்ரைபாடு நுனியில நூலைக் கட்டி, 75 சென்டிமீட்டர்ல ஒரு முடிச்சுப் போட்டேன். அவ்வளவுதான். நடு மானிட்டரோட ரெண்டு மேல் மூலையிலயும் முடிச்சு தொடணும். பக்கத்து மானிட்டரோட உள் மூலையிலயும், வெளி மூலையிலயும் அதே முடிச்சு தொடணும். வெளி மூலைக்கு நூல் பத்தலன்னா இன்னும் திருப்பணும். நூல் தொய்யுதுன்னா திருப்பம் கூடிப் போச்சு. ஆறு மூலையும் தொட்டுட்டா மூணு மானிட்டரும் கண்ணை நேரா பாக்குதுன்னு அர்த்தம்.

இதை முடிச்சப்புறம் போன்ல உள்ள ஆப்பைக் கொண்டு அளந்து பாத்தேன், பக்கத்து மானிட்டர் 42 டிகிரி திரும்பி நிக்கி. முதல்ல கண்ணை நம்பி வச்சப்ப இருபத்தஞ்சு கூட இல்ல. பாதித் திருப்பந்தான் வச்சிருந்திருக்கேன். பொதுவா எல்லாரும் அப்படித்தான் வைக்கோம், அதான் ஓரத்துல உள்ள எழுத்தைப் பாக்க ஆளு குனிஞ்சு எட்டிப் பாக்கான்.

இப்ப தூக்குக்குண்டு கதைக்கு வாரேன். மூணும் சேந்த இடத்துல மேல விரல் நுழையுற மாதிரி இடைவெளி, கீழ ஒட்டிக்கிட்டு நிக்கி. ஒரு மணி நேரம் திருகித் திருகிப் பாத்தேன், மேல ஒட்டுனா கீழ இடிக்கி. அப்புறந்தான் புரிஞ்சுது. பழக்க தோஷத்துல மூணையும் அஞ்சு டிகிரி பின்னால சாச்சு வச்சிருக்கேன். வட்டமா நிறுத்துன பலகையைப் பின்னால சாச்சா அது வாளி மாதிரி மேல விரியும்லா? கணக்குப் போட்டா இந்த மானிட்டருக்கு ரெண்டு சென்டிமீட்டர் விரியும். அதை எந்த ஸ்க்ரூவும் சரி பண்ணாது. சாய்வை எடுத்து, செங்குத்தா நிறுத்தணும். கொத்தனார் சுவருக்குப் பாக்குற மாதிரி மேல் விளிம்புலருந்து குண்டைத் தொங்க விட்டு, நூலும் மானிட்டரும் மேலயும் கீழயும் ஒரே இடைவெளி வாற வரைக்கும் திருப்பினேன். விரிசல் போயிருச்சு. மேல இருக்குற டியூப்லைட் திரையில மின்னிக்கிட்டு இருந்துச்சே, அதுவும் போயிருச்சு. ரெண்டு மானிட்டருக்கும் நடுவுல மூணு மில்லி விட்டிருக்கேன். ஒட்டி வச்சா கதவு படார்னு அடிக்கும்போதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசும்.

வயர் கதை சின்னது. கூட வந்த ஒண்ணரை மீட்டர் கேபிள் பத்தாது. ஆர்ம் வழியா வளைஞ்சு, மேசைக்கடியில போய், கம்ப்யூட்டர் வரைக்கும் ஓடணும், மூணு மீட்டர் வேணும். மானிட்டரைக் கடைசி வரைக்கும் இழுத்து வச்சுட்டுத்தான் கட்டணும். மடக்கி வச்சுக் கட்டுனா, ஒரு நாள் யாராவது துடைக்கிறதுக்கு இழுக்கும்போது சொருகுற இடம் பேந்துரும். முழங்கையில ஒரு கைப்பிடி அளவு தொய்வு விடுங்க. பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்காதீங்க, வெல்க்ரோ பட்டை போடுங்க, நாளைக்கு ஒரு கேபிள் மாத்தணும்னா கத்தியைத் தேட வேண்டாம். ரெண்டு முனையிலயும் 1, 2, 3ன்னு எழுதி ஒட்டிட்டேன். எக்ஸ்டென்ஷன் பெட்டி மேசைக்கடியில ஒரு தட்டுல ஏறிருச்சு, யூபிஎஸ்ஸுக்கு ஒரே ஒரு வயர்தான் இறங்குது. தரையில ஒண்ணும் கிடக்கல. இங்க எலித் தொல்லை உண்டு.

கேமரா அணைச்சு வச்சிருந்தேன். இப்ப மறுநாள் காலையில மறுபடியும் வந்திருக்கேன். ஸ்பிரிங் ஆர்ம்னா ராத்திரி விட்டுப் பாக்கணும். நூலைத் திரும்ப இழுத்துக் கட்டுனா, இடது பக்கமும் நடுவும் அப்படியே தொடுது. வலது பக்கம் மட்டும் நாலு மில்லி இறங்கியிருக்கு. கவ்வியைப் பாத்தேன், தகடு அசையல, அப்ப பலகை இல்ல, ஸ்பிரிங்தான். ஆலன் கீயை பிளஸ் பக்கம் கால் சுத்து… இருங்க… இன்னும் கொஞ்சம்… ஆங், தொட்டுருச்சு.

போன் அடிக்கி. அப்பாதான். களக்காட்டுல சுவர் எழுப்புறாங்களாம், தூக்குக்குண்டு எங்கலன்னு கேக்காரு. வாரேன் மக்களே.