65,536-வது வரிசைக்கு அப்புறம் என்ன ஆனது?

[திரையில்: ஒரு நீண்ட அட்டவணை கீழே ஓடி, சட்டென்று நிற்கிறது]

2020 அக்டோபர் 2-ஆம் தேதி பிரிட்டனின் அன்றாடக் கொரோனா எண்ணிக்கை 6,968. மறுநாள் 12,872. அதற்கு மறுநாள் 22,961. இரண்டே நாளில் நோய் மும்மடங்கு ஆகிவிடவில்லை. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை இங்கிலாந்தில் விடுபட்டுப்போன 15,841 பேர் அப்போதுதான் கணக்கில் சேர்க்கப்பட்டார்கள்.

ஆய்வகங்களிலிருந்து முடிவுகள் சிஎஸ்வி கோப்புகளாக வந்தன. பொது சுகாதார அமைப்பு அவற்றைப் பழைய `.xls` வகை எக்செல் கோப்பில் ஏற்றியது. அந்த வகைக் கோப்பில் 65,536 வரிசைகளுக்கு மேல் நிற்காது. ஒருவருடைய முடிவுக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால், ஒரு கோப்பில் சுமார் 1,400 பேர்தான் அடங்கினார்கள். மீதிப் பேர் சத்தமில்லாமல் விழுந்துவிட்டார்கள். தொற்று இருப்பது அவர்களுக்குத் தெரியும், முடிவு கைக்குப் போய்விட்டது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப்பிடித்துத் தனிமைப்படுத்தும் குழுவுக்கு அந்தப் பெயர்கள் போகவே இல்லை. எனக்கு மனதை உறுத்துவது இதுதான்.

சரி, டேட்டாவை வெளியிடும் முன் ஓட்டும் எந்தச் சோதனை இதைப் பிடித்திருக்கும்?

"நேற்றைவிட இன்று எண்ணிக்கை ரொம்பக் குறைந்தால் நிறுத்து" என்ற விதியைத்தான் பலரும் முதலில் எழுதுவார்கள். இங்கே அது உதவியிருக்காது. அக்டோபர் 2-க்கு முந்தைய சில நாட்களிலும் எண்ணிக்கை ஏழாயிரத்தை ஒட்டியே நின்றது. வெட்டுப்பட்ட டேட்டா பார்ப்பதற்கு அமைதியாக இருந்தது.

பிடித்திருக்கக்கூடியது வேறு: அனுப்பியவர் எத்தனை அனுப்பினார், நம்மிடம் எத்தனை வந்து சேர்ந்தது என்று இரு முனையிலும் எண்ணுவது. ஓர் ஆய்வகம் 2,000 பேரின் முடிவை அனுப்புகிறது என்று வையுங்கள். ஏற்றிய பிறகு 1,400 பேர்தான் இருக்கிறார்கள். வித்தியாசம் 600, வெளியீடு நிற்க வேண்டும். இந்தக் கணக்கில் சலுகை சதவீதம் எதுவும் வைக்காதீர்கள். கூடுதலாக வந்தாலும் தவறுதான், யாரோ இரண்டு முறை ஏறியிருக்கிறார்கள். இன்னொன்று: வரிசைகளின் எண்ணிக்கை சரியாக 65,536 என்று வந்தால் அதுவே ஓர் எச்சரிக்கை. இயல்பான டேட்டா அப்படிக் கோப்பின் எல்லையிலேயே வந்து நிற்காது.

[திரையில்: அதே அட்டவணை, நடுவே மேலிருந்து கீழாக ஒரு பத்தி வெறுமையாக]

வரிசைகள் எல்லாம் வந்துவிட்டன, உள்ளே ஒரு பத்தி காலி. அப்போது எண்ணிக்கைச் சோதனை அழகாகத் தேறிவிடும். ஆய்வகம் பத்தியின் தலைப்பை `postcode` என்பதிலிருந்து `post_code` என்று மாற்றினாலே போதும், நம் பக்கம் அது முழுக்க வெறுமையாகிவிடும். அதனால் முக்கியமான பத்திகளில் வெறுமை எத்தனை பங்கு என்று பார்க்கிறோம்.

```sql
SELECT lab_id,
  AVG(CASE WHEN postcode IS NULL
        OR TRIM(postcode) = ''
      THEN 1.0 ELSE 0 END) AS null_rate
FROM staging_cases
GROUP BY lab_id;
```

இதில் இரண்டு இடங்களைக் கவனியுங்கள். NULL வேறு, வெற்று எழுத்து வேறு. `IS NULL` மட்டும் எழுதினால் சிஎஸ்வியிலிருந்து வந்த வெற்றிடங்கள் நழுவிவிடும். அப்புறம் அந்த `GROUP BY`. பத்து ஆய்வகங்களில் ஒரு சின்ன ஆய்வகம் மட்டும் முழுக்க வெறுமையாக அனுப்பினால், மொத்தச் சராசரி இரண்டு மூன்று சதவீதம் ஏறும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிரித்துப் பார்த்தால் அங்கே 1.0 என்று பளிச்சென்று நிற்கும்.

எல்லைச் சோதனை எளிது: வயது 0-க்குக் கீழே போகக் கூடாது, 120-ஐத் தாண்டக் கூடாது, மாதிரி எடுத்த தேதி நாளையாக இருக்கக் கூடாது. அது ஏமாறும் இடத்தைச் சொல்கிறேன். அக்டோபர் 4 என்பது `04/10` என்று வருகிறது. மாதத்தை முதலில் படிக்கும் நிரல் அதை ஏப்ரல் 10 ஆக்கிவிடுகிறது. ஏப்ரல் 10 கடந்துபோன தேதிதானே, எல்லைக்குள்தான் இருக்கிறது, தேறிவிடும். இதைப் பிடிக்க ஒரு பத்தியை மட்டும் பார்த்தால் போதாது. மாதிரி எடுத்த நாளுக்கும் முடிவு வந்த நாளுக்கும் இடைவெளி என்ன என்று பாருங்கள். சில நாட்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு மாதம் வந்தால் தேதி புரண்டிருக்கிறது.

[திரையில்: `staging_cases` → சோதனை → `cases`]

இவை எல்லாம் நடக்க வேண்டியது வாசகர் பார்க்கும் அட்டவணையில் அல்ல. புது டேட்டா முதலில் `staging_cases`-இல் இறங்கட்டும். எண்ணிக்கை பொருந்தாவிட்டால் அங்கேயே நிற்கட்டும், பொறுப்பாளருக்குச் செய்தி போகட்டும். வெறுமை கொஞ்சம் ஏறினாலும் அவருக்குச் செய்தி போகட்டும், அவர் பார்த்து அனுமதிக்கட்டும். அதுவரை பக்கத்தில் நேற்றைய எண்ணே இருக்கும், கூடவே "நேற்று வரை" என்ற தேதியும். எந்த ஆய்வகத்தின் எந்தக் கோப்பில் எத்தனை பேர் குறைகிறார்கள் என்பதும் அந்தச் செய்தியிலேயே இருக்கட்டும். அப்போதுதான் இரவு பதினோரு மணிக்கு அதைத் திறப்பவர் விடுபட்ட அந்த 600 பேரை நேராகத் தேடிப் போக முடியும்.