"ராத்திரி மழை பெஞ்சிருக்கு": இங்கிலீஷ்ல அந்த 'ஹேஸ்' ஏன் தப்பாகுது?

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு வண்டியூர் தெப்பக்குளத்துப் படில உக்காந்து பேசுறேன். கேமராவ கொஞ்சம் கீழ காட்டுறேன், பாருங்க. கல்லு பூராம் ஈரம். அந்தா, அந்த மூலைப் பள்ளத்துல தண்ணி நிக்குது. ராத்திரி நான் அசந்து தூங்கிட்டேன், எந்தச் சத்தமும் கேக்கல. காலைல இங்க வந்து இந்தக் கல்லப் பாத்ததும் வாயில தானா வந்தது, "ராத்திரி மழை பெஞ்சிருக்கு".

"பெஞ்சுச்சு"ன்னு ஏன் வரல? "பெஞ்சுச்சு"ன்னா நான் முழிச்சுக் கெடந்து கேட்டிருக்கணும், இல்ல நனஞ்சிருக்கணும். "பெஞ்சிருக்கு"ன்னா, நான் பாக்கல, இந்த ஈரத்த வச்சுச் சொல்றேன்னு அர்த்தம். இந்த வித்தியாசத்த நமக்கு எந்த வாத்தியாரும் சொல்லிக் குடுக்கல. மூணு வயசுப் பிள்ளைகூடச் சரியாச் சொல்லும்.

இப்ப இதையே இங்கிலீஷ்ல சொல்லுங்க. என்கிட்ட ஸ்போக்கன் இங்கிலீஷ் படிக்க வர்றவங்கள்ல பாதிப் பேரு "இட் ஹேஸ் ரெயின்ட் லாஸ்ட் நைட்"னுதான் சொல்லுவாங்க. தப்பு. "இட் ரெயின்ட் லாஸ்ட் நைட்"தான் சரி. அதாவது சிம்பிள் பாஸ்ட்.

இந்தத் தப்பு எங்கருந்து வருதுன்னா, பள்ளிக்கூடத்துல பிரசென்ட் பர்ஃபெக்ட் நடத்தும்போது நமக்கு ஒரு கணக்கு குடுத்துட்டாங்க. வந்தேன்னா 'கேம்', வந்திருக்கேன்னா 'ஹேவ் கம்'. பாதி இடத்துல இந்தக் கணக்கு பொருந்துது, அதனாலதான் நம்பிட்டோம். "மாமா வந்திருக்காரு"ன்னா மாமா இப்ப வீட்டுல இருக்காரு. "அங்கிள் ஹேஸ் கம்", ரொம்பச் சரி. ஆனா நம்ம 'இருக்கு' செய்யுற இன்னொரு வேலை, எனக்கு இது எப்படித் தெரியும்னு காட்டுறது. தடயம் பாத்துத் தெரிஞ்சதா, கேள்விப்பட்டதா, பழைய அனுபவமா, எல்லாத்தையும் அது தாங்கும். நேத்து, போன வருஷம்னு எந்த நேரத்தப் பக்கத்துல வச்சாலும் அதுக்குச் சம்மதம். இங்கிலீஷ் 'ஹேவ்' அந்த வேலையச் செய்யாது. அதுக்கு வேண்டியது ஒண்ணுதான்: நீ சொல்ற காலம் இன்னும் முடியாம இப்ப வரைக்கும் நீண்டு வந்திருக்கணும். 'லாஸ்ட் நைட்' முடிஞ்சுபோன ராத்திரி. அதுக்குள்ள 'ஹேஸ்' நுழையாது.

சரி, நான் பாக்கல, ஈரத்த வச்சுத்தான் சொல்றேன்கிறத இங்கிலீஷ்ல சொல்லவே முடியாதா? முடியும். "இட் மஸ்ட் ஹேவ் ரெயின்ட் லாஸ்ட் நைட்". இங்க 'ஹேவ்' இருக்கேன்னு குழம்பிராதீங்க. 'மஸ்ட்' முன்னாடி வந்துட்டா 'லாஸ்ட் நைட்' தாராளமா வரலாம். நம்ம "பெஞ்சிருக்கு"ல இருக்குற ஊகம் போய்ச் சேர வேண்டிய இடம் இந்த 'மஸ்ட்'தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் ஒண்ணு நம்ம ஊருலயே இருக்கு. பாரதியார் 1904-ல மதுரை சேதுபதி ஹைஸ்கூல்ல கொஞ்ச மாசம் தமிழ் வாத்தியாரா இருந்தாரு. இத வெளியூர்ல இருந்து வர்ற ஒரு சிநேகிதன்கிட்ட எப்படிச் சொல்லுவோம்? "டேய், பாரதியார் 1904-ல இங்க வேலை பாத்திருக்காருடா". காதுக்கு எவ்வளவு இயல்பா இருக்கு! நாம யாரும் கண்ணால பாக்கல, கேள்விப்பட்டது, அதனால 'பாத்திருக்காரு'. அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோனா "பாரதி ஹேஸ் வொர்க்ட் ஹியர் இன் 1904"னு வரும். முடிஞ்ச வருஷம் உள்ள இருக்கு, அதனால தப்பு.

வருஷத்த எடுத்துட்டு "பாரதி ஹேஸ் வொர்க்ட் இன் மதுரை"ன்னு சொன்னா? அப்பவும் இங்கிலீஷ்காரங்க காதுக்கு இடறும். பாரதி இன்னும் உயிரோட இருக்காரு, இன்னொரு தடவையும் வந்து வேலை பாக்கலாம்ங்கிற மாதிரி ஒலிக்கும். அவரோட காலம் 1921-லயே முடிஞ்சுபோச்சு. அதனால 'வொர்க்ட்' மட்டும் போதும். ஆனா அவரு பாட்டப் பத்திப் பேசுறப்ப, "ஹிஸ் சாங்ஸ் ஹேவ் இன்ஸ்பயர்ட் மெனி பீப்பிள்"னு சொல்லலாம். ஆளு இல்லன்னாலும் பாட்டு இருக்கு, இன்னைக்கும் வேலை செய்யுது. இப்படி ஒரே ஒரு 'ஹேவ்' கேக்குறவங்களுக்கு இம்புட்டு விஷயத்தச் சொல்லிருது.

போன மாசம் மேலூர்ப் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி இன்டர்வியூவுக்குத் தயாராகணும்னு வந்துச்சு. ஜவுளிக்கடைல பில் போடுற பிள்ளை. தன்னப் பத்திச் சொல்றதுக்கு நோட்டுல எழுதி மனப்பாடம் பண்ணி வச்சிருந்துச்சு. முதல் வரி, "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2021". அடுத்த வரி, "ஐ ஆம் வொர்க்கிங் இன் எ டெக்ஸ்டைல் ஷாப் சின்ஸ் 2021".

ரெண்டு வரிலயும் அதே 2021தான், ஆனா தப்பு ரெண்டும் வேற வேற. நான் திருத்தல, அந்தப் பிள்ளைகிட்டயே கேட்டேன். "டிகிரி எப்பம்மா முடிஞ்சுச்சு?" "2021-லண்ணே." "அந்த வருஷம் இப்ப இருக்கா?" "முடிஞ்சிருச்சு." அப்ப 'ஹேவ்' எதுக்கு? "ஐ கம்ப்ளீட்டட் பி.காம் இன் 2021". வருஷமே வேணாம்னா "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் பி.காம்"னு தாராளமாச் சொல்லலாம். கையில டிகிரி இருக்கு, அவ்வளவுதான் சேதி. எப்பன்னு சொன்ன நிமிஷமே 'ஹேவ்' வெளிய போயிரணும்.

ரெண்டாவது வரில நம்ம தமிழ் வேற மாதிரி காலை வாரிருது. "2021-லேர்ந்து வேலை பாக்குறேன்"னு நாம நிகழ்காலத்துலதான சொல்றோம்? அதனால 'ஐ ஆம் வொர்க்கிங்'னு வருது. ஆனா அன்னைக்கு ஆரம்பிச்சு இன்னைக்கு வரைக்கும் ஓடுற காலத்துக்குத்தான் இங்கிலீஷ் 'ஹேவ்' கேக்குது. "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் இன் எ டெக்ஸ்டைல் ஷாப் சின்ஸ் 2021". பாருங்க, வேண்டாத இடத்துல 'ஹேவ்' போட்டுட்டு, வேணும்ங்கிற இடத்துல விட்டுட்டோம். 'இன் 2021' மூடுன பெட்டி, 'சின்ஸ் 2021' இன்னும் ஓடிக்கிட்டிருக்குற வாய்க்கா. அந்தச் சின்ன வார்த்தையப் பாத்தாலே எது வேணும்னு தெரிஞ்சிரும்.

அமெரிக்காக்காரங்க "டிட் யூ ஈட் ஆல்ரெடி?"ன்னு கேப்பாங்களே, அப்ப இதெல்லாம் எதுக்குன்னு சிலர் கேட்டிருந்தீங்க. ஆமா, பிரிட்டிஷ்காரங்க "ஹேவ் யூ ஈட்டன்?"னு கேக்குற சில இடத்துல அமெரிக்காவுல சிம்பிள் பாஸ்ட் ஓடும். ஆனா 'யெஸ்டர்டே' கூட 'ஹேவ்' போடுறது ரெண்டு ஊர்லயும் வழக்கமில்ல.

இன்னொரு விஷயம், இதுலதான் நல்லாத் தெரிஞ்சவங்களும் தடுமாறுவாங்க. இந்தா, கையில டீ. இப்ப மணி எட்டரை, இது ரெண்டாவது கிளாஸ். "காலைல ரெண்டு டீ குடிச்சிருக்கேன்". இப்ப சொன்னா "ஐ ஹேவ் ஹேட் டூ டீஸ் திஸ் மார்னிங்". காலை இன்னும் முடியல, மூணாவதும் குடிக்கலாம். சாயங்காலம் வீட்டுல இந்த வீடியோவ எடிட் பண்ணிக்கிட்டு இருக்கேன், அம்மா வந்து எத்தன டீ குடிச்சன்னு கேக்குறாங்கன்னு வைங்க. தமிழ்ல அதே "காலைல ரெண்டு குடிச்சிருக்கேன்ம்மா". இங்கிலீஷ்ல அதே 'திஸ் மார்னிங்' வரும், ஆனா காலை முடிஞ்சுபோச்சு. "ஐ ஹேட் டூ டீஸ் திஸ் மார்னிங்".