27-க்கு விடை 3 இல்லை, 1-உம் இல்லை: கனசதுரப் பெட்டியில் டிஜெனரசி எண்ணுவது எப்படி?

[திரையில் பெரிதாக: 27 → ?]

கனசதுரப் பெட்டிக்குள்ள ஒரு துகள். அதோட ஒரு எனர்ஜி லெவல்ல வர்ற எண் 27. இந்த லெவல்ல எத்தனை ஸ்டேட் இருக்கு? நிறைய பேர் உடனே 3, 3, 3-ஐப் பார்த்துட்டு "ஒண்ணு"ன்னு எழுதிடுவாங்க. 5, 1, 1 ஞாபகம் வந்தவங்க "மூணு"ன்னு எழுதுவாங்க. ரெண்டுமே தப்பு. விடை நாலு. அந்த நாலு எப்படி வருது, எண்ணும்போது எங்கே வழுக்குதுன்னு பார்க்கலாம், வாங்க.

[திரையில்: E = (h²/8mL²)(nx² + ny² + nz²)]

பின்னணி வேகமா ஒரு நிமிஷம். மூணு பக்கமும் L நீளம் உள்ள பெட்டி, சுவரைத் தாண்டித் துகள் போகவே முடியாது. எனர்ஜி திரையில இருக்குறது மாதிரி வரும். முன்னாடி இருக்குற h²/8mL² எல்லா ஸ்டேட்டுக்கும் பொது. அதனால நமக்கு வேண்டியது அடைப்புக்குள்ள இருக்குற கூட்டுத்தொகை மட்டும்தான். அதை N-ன்னு வெச்சுக்கலாம். ஒரே N தர்ற (nx, ny, nz) தொகுப்புகள் எத்தனையோ, அதுதான் அந்த லெவலோட டிஜெனரசி.

இங்கயே முதல் வழுக்கல் இருக்கு. n எல்லாம் 1, 2, 3-ன்னுதான் போகணும், பூஜ்யம் கூடாது. ஏன்னா அலைச்சார்பு sin(nπx/L) வடிவம். n பூஜ்யம்னா பெட்டி முழுக்க அலைச்சார்பு பூஜ்யம், அதாவது துகளே இல்லை. மைனஸ் எண்ணும் வேண்டாம். sin-க்கு உள்ள மைனஸ் வெளிய வந்துடும், குறி மட்டும் மாறின அதே ஸ்டேட்தான் அது, புதுசு இல்லை. N = 9-ஐ எடுத்துக்கோங்க. (2, 2, 1) மூணு வரிசையில வரும், டிஜெனரசி 3. யாருக்காவது 6 வந்தா, (3, 0, 0)-வையும் அதோட மூணு வரிசைகளையும் சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம்.

அடுத்தது வரிசை மாத்துறது. மூணு எண்ணும் ஒண்ணுன்னா 1 வழி. ரெண்டு எண் ஒண்ணு, ஒண்ணு வேறன்னா 3 வழி. மூணும் வேறன்னா 6 வழி. N = 3-ல (1, 1, 1) மட்டும், அதனால 1. N = 6-ல (2, 1, 1), அதனால 3. N = 14-ல (3, 2, 1), அதனால 6. இதைப் பார்த்துப் பழகினவங்க, டிஜெனரசின்னாலே 1, 3, 6-ல ஒண்ணுதான் வரும்னு மனசுல பதிச்சுடறாங்க. 27 வரைக்கும் அந்த நினைப்பு உங்களைக் காட்டிக்கொடுக்காது. 27-க்குக் கீழே எந்த லெவலை எடுத்தாலும் ஒரே ஒரு எண்கூட்டம்தான் இருக்கும். 27-லதான் முதல் தடவையா ரெண்டு வேற எண்கூட்டம் ஒரே இடத்துல சந்திக்குது.

[திரையில்: 9 + 9 + 9 = 27 | 25 + 1 + 1 = 27]

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது, கொஞ்சம் நின்னு பார்ப்போம். (3, 3, 3)-ல துகள் இருக்க வாய்ப்புள்ள இடங்களை வரைஞ்சா, 27 குட்டி உருண்டை 3×3×3-ஆ அடுக்கி வெச்ச மாதிரி இருக்கும். (5, 1, 1)-ல ஒரே திசையில வரிசையா அஞ்சே அஞ்சு தட்டையான கட்டி. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பினாலும், கண்ணாடியில பிரதிபலிச்சாலும் ஒண்ணு இன்னொண்ணா மாறாது. (5, 1, 1)-ஐத் திருப்பினா (1, 5, 1), (1, 1, 5) கிடைக்கும், அவ்வளவுதான். ஆனா மொத்த எனர்ஜி துளி வித்தியாசம் இல்லாம ஒண்ணு. ஒண்ணு எனர்ஜியை மூணு திசைக்கும் சமமாப் பிரிச்சுக்கிச்சு, இன்னொண்ணு ஒரே திசையில கொட்டிடுச்சு. இதைத்தான் ஆக்சிடென்டல் டிஜெனரசின்னு சொல்றாங்க.

இந்த நாலும் எவ்வளவு உறுதியா ஒட்டியிருக்குன்னு சோதிச்சுப் பார்க்கலாம். பெட்டியோட மூணு பக்கத்தையும் ஒரே அளவுல பெருசாக்கினா ஒண்ணும் ஆகாது, L மட்டும்தான் மாறுது. இப்போ z பக்கத்தை மட்டும் 1% நீட்டுங்க. nz²-ஐ 1.0201-ஆல வகுக்கணும்.

[திரையில்:
(1, 1, 5) → 26.507
(3, 3, 3) → 26.823
(5, 1, 1), (1, 5, 1) → 26.980]

நாலா இருந்தது 1, 1, 2-ன்னு மூணு லெவலாப் பிரிஞ்சுடுச்சு. z திசையில அதிக எனர்ஜி வெச்சிருந்த (1, 1, 5)தான் ரொம்பக் கீழே இறங்கியிருக்கு. கடைசி ரெண்டும் ஏன் பிரியலை? x, y பக்கங்கள் இன்னும் சமமாத்தான் இருக்கு.

சரி, எதையும் விடாம எண்ணுறது எப்படி? பெரிய எண்ணை முதல்ல எடுங்க, அதை a-ன்னு வைப்போம். மத்த ரெண்டும் குறைஞ்சது 1 ஆச்சே, அதனால a² அதிகபட்சம் N − 2. a-தான் மூணுல பெரிசு, அதனால a² குறைஞ்சபட்சம் N/3. இந்த ரெண்டு எல்லைக்குள்ள a-ஐ ஒவ்வொண்ணா இறக்கி, மிச்சத்தை a-ஐ விடப் பெரிசு இல்லாத ரெண்டு எண்களோட வர்க்கங்களாப் பிரிக்க முடியுதான்னு பாருங்க.

N = 54-க்குச் செய்வோம். மேல் எல்லை 52, அதனால a = 7-ல ஆரம்பம். மிச்சம் 5, அது 4 + 1. (7, 2, 1), 6 ஸ்டேட். அடுத்து a = 6, மிச்சம் 18, அது 9 + 9. (6, 3, 3), 3 ஸ்டேட். a = 5, மிச்சம் 29, அது 25 + 4. (5, 5, 2), இன்னொரு 3. a = 4-ன்னா a² 16, ஆனா கீழ் எல்லை 18. அதனால நிறுத்திடலாம். மொத்தம் 12.

கையால எண்ணினதைச் சரிபார்க்க ஒரு குட்டி பைத்தான்:

```python
from math import isqrt
N = 27
r = range(1, isqrt(N) + 1)
print(sum(x*x + y*y + z*z == N
          for x in r for y in r for z in r))
```

முதல்ல 27 போட்டு 4 வருதான்னு பாருங்க. 1 வந்தா, range கடைசியில இருக்குற + 1-ஐ விட்டுட்டீங்க. அப்போ 5 பட்டியல்லயே வராது, (3, 3, 3) மட்டும்தான் மிஞ்சும். அதுக்கப்புறம் N-ஐ 54-ஆ மாத்துங்க, 12 வரணும். துகள் எலக்ட்ரான்னு கேள்வியில இருந்தா ஸ்பின்னையும் சேர்க்கச் சொல்லியிருக்காங்களான்னு பாருங்க. சேர்த்தா எல்லா எண்ணும் ரெண்டு மடங்கு, 27-க்கு 8.

இப்போ உங்க முறை. N = 66-ஐக் கையால எண்ணி, எண்கூட்டங்களோட கமென்ட்ல போடுங்க. a = 8-ல ஆரம்பிங்க. 9 வந்தவங்க 5-ஐப் பார்க்காம நிறுத்தியிருப்பீங்க. கீழ் எல்லை 22தான், 25 அதுக்கு மேலதான் இருக்கு.