வால் அழிந்த ‘ஆ’: எந்தப் படம் எந்தக் கேள்விக்கு?

வணக்கம். டியூஷன் முடிந்து பிள்ளைகள் எல்லோரும் கிளம்பிய பிறகு இதைப் பதிவு செய்கிறேன். பின்னால் மின்விசிறிச் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினாள். வடிவியல் பயிற்சித்தாள், ஒரே பக்கம், மூன்று கேள்விகள். கூடவே ஒரு வரி: “மிஸ், ரெண்டாவது கணக்குல மைனஸ் வருது. ஒரு படம் வேற மிச்சம் இருக்கு.” இந்த இரண்டு வாக்கியத்திலேயே விஷயம் முழுக்க இருந்தது. ஆனால் அது எனக்குப் பிடிபட கால் மணி நேரம் ஆனது. அந்தக் கால் மணி நேரத்தைத்தான் இன்றைக்குக் காட்டப் போகிறேன், ஏனென்றால் இந்த மாதிரி போட்டோ எனக்கு வாரத்துக்கு நாலு வருகிறது.

அவளுடைய போட்டோவைக் காட்டவில்லை. அதே அமைப்பில் நானே ஒரு தாள் வரைந்து, அதே மாதிரி எடுத்து வைத்திருக்கிறேன். இதோ. தாள் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிறது. மேலே டியூப் லைட். போனை இடது பக்கத்திலிருந்து சாய்த்துப் பிடித்திருக்கிறேன். டியூப் லைட்டின் வெளிச்சம் ஒரு வெள்ளைப் பட்டையாகக் குறுக்கே விழுந்திருக்கிறது பாருங்கள். தாளின் வலது மேல் மூலை போட்டோவுக்குள்ளேயே வரவில்லை.

கேள்விகள் இடது பக்கம், படங்கள் வலது பக்கம். முதல் கேள்விக்குப் படம் கிடையாது. இரண்டாவது கேள்வியில் இரண்டு பிரிவு. (அ): முக்கோணம் ABC-யில் AD என்பது கோணம் A-வின் இருசமவெட்டி, AB = 6, AC = 8, BD = 3, DC காண்க. (ஆ): கோணம் A = 90°, AD ஆனது BC-க்குச் செங்குத்து, BD = 4, DC = 9, AD காண்க. மூன்றாவது கேள்வி வட்டத்துக்கு வெளியே ஒரு புள்ளியிலிருந்து வரையும் தொடுகோடு. அளவெல்லாம் செ.மீ.

வலது பக்கம் மூன்று படம். மேலே ஒரு முக்கோணம், நடுவில் ஒரு முக்கோணம், கீழே வட்டம். வட்டத்தில் குழப்பமே இல்லை. சாய்த்து எடுத்ததால் கோழிமுட்டை மாதிரி நசுங்கியிருந்தாலும், அது மூன்றாவது கேள்விக்குத்தான். அதை முதலில் ஒதுக்கிவிடுங்கள்.

சிக்கல் இரண்டு முக்கோணத்தில்தான். இரண்டிலும் உச்சியில் A, அடிப்பக்கம் BC, A-விலிருந்து BC-யில் இருக்கும் D-க்கு ஒரு கோடு. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. இருசமவெட்டி என்று காட்ட A-வில் போட்டிருந்த இரண்டு குட்டி வில்லும் ஜெராக்ஸில் ஒன்றாகி ஒரு கறுப்புத் திட்டாகக் கிடக்கிறது. செங்குத்து என்று காட்ட D-யின் வலப்பக்கம் இருந்த சின்னச் சதுரக் குறி வெள்ளைப் பட்டைக்குள் போய்விட்டது.

அந்தப் பிள்ளை என்ன செய்தாள்? அவள் சும்மா ஊகிக்கவில்லை. இரண்டு ஆதாரம் வைத்திருந்தாள், அதனால்தான் எனக்கு அவள் மேல் மரியாதை. ஒன்று, நடு முக்கோணத்தின் கீழே “படம் அ” என்று தெரிந்தது. மேல் முக்கோணத்தின் பெயர் வெளிச்சத்தில் மொத்தமாக அழிந்துவிட்டது. நடுவில் இருப்பது அ என்றால் மேலே இருப்பது ஆ. இரண்டு, போட்டோவில் (ஆ) பிரிவுக்கு நேர் எதிரே மேல் முக்கோணம்தான் நிற்கிறது. இரண்டு ஆதாரமும் ஒத்துப்போகிறது. அப்புறம் ஏன் சந்தேகப்பட வேண்டும்?

(அ)-வுக்குப் படமே தேவைப்படவில்லை. அதனால்தான் நடு முக்கோணம் மிச்சம் என்று அவளுக்குத் தோன்றியது. கோண இருசமவெட்டித் தேற்றத்தைப் போட்டு 6/8 = 3/DC, ஆகவே DC = 4 என்று சரியாக எழுதிவிட்டாள். நடு முக்கோணத்தின் அடிப்பக்கத்தில் ஒரு 4 அச்சாகியிருந்தது. அதைப் பார்த்ததும் “விடை சரி” என்று நிம்மதி வேறு.

(ஆ)-வுக்கு வந்தாள். மேல் முக்கோணத்தில் தெளிவாகத் தெரிந்த ஒரே எண், AC பக்கத்தில் இருந்த 8. கேள்வியில் DC = 9. செங்கோண முக்கோணம் ADC-யில் பிதாகரஸ் தேற்றம்:

AD² = AC² − DC² = 64 − 81 = −17

இங்கேதான் நின்றுவிட்டாள். நல்ல வேளை நின்றாள். குறியை மாற்றிப் போட்டு √17 என்று எழுதிவிட்டுப் போகிற பிள்ளைகள் நிறைய உண்டு.

இந்த −17 கணக்கைத் தப்பாகப் போட்டதால் வரவில்லை. D-யில் செங்கோணம் என்றால் ADC-யில் AC-தான் கர்ணம். கர்ணம் 8, இன்னொரு பக்கம் 9. அப்படி ஒரு முக்கோணம் உலகத்தில் கிடையாது. ஆக, 8 இருக்கிற படமும் 9 இருக்கிற கேள்வியும் ஒன்றுக்கொன்று சொந்தம் இல்லை. கணக்கே அதைச் சொல்லிவிட்டது.

சரி, அந்த இரண்டு ஆதாரமும் எப்படிப் பொய்யாயின?

முதலில் நேர் எதிரே இருப்பது. போட்டோ இடது பக்கத்திலிருந்து எடுத்தது. வலது பக்கம் போனுக்குத் தூரம், அதனால் அங்கே எல்லாம் சின்னதாகிறது. தாளின் மேல் விளிம்பு வலப்பக்கம் போகப் போகக் கீழே இறங்குகிறது, கீழ் விளிம்பு மேலே ஏறுகிறது. நடுவில் இருக்கிற வரிகளும் அதே மாதிரி குவிகின்றன. இரண்டாவது கேள்வி பக்கத்தின் மேல்பாதியில் இருக்கிறது. எனவே அதன் வரிகள் எல்லாம் வலப்பக்கம் இறங்குகின்றன, கூடவே அந்தப் படங்களும் இறங்கிவிட்டன. போன் திரையின் கிடைமட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் படங்கள் ஒரு படி கீழே தெரியும். மேல் முக்கோணம் (ஆ)-வுக்கு எதிரே வந்து நிற்பது இதனால்தான்.

இதைச் சரிபார்க்க ஒரு ஸ்கேல் போதும். இதோ, (அ) பிரிவின் கடைசி வரிக்குக் கீழே ஸ்கேலை வரியின் சாய்வோடு ஒட்டி வைக்கிறேன். திரைக்கு நேராக வைக்காதீர்கள், எழுத்துகளின் அடியோடு வையுங்கள். இப்போது அதை வலப்பக்கம் தொடர்ந்து பாருங்கள். மேல் முக்கோணத்தின் அடிப்பக்கத்தில் போய் முட்டுகிறது. அதாவது மேல் முக்கோணம் (அ)-வின் உயரத்தில்தான் அச்சாகியிருக்கிறது. இது வேலை செய்வதற்குக் காரணம், தாள் தட்டையாக இருக்கும்வரை நேர்கோடு எந்தச் சாய்வில் எடுத்தாலும் நேர்கோடாகவே விழும். தாள் வளைந்திருந்தால் மட்டும் இந்த ஸ்கேலை நம்ப முடியாது.

அடுத்தது “படம் அ”. இதை நன்றாகப் பெரிதாக்கிக் காட்டுகிறேன். அ-வுக்கும் ஆ-வுக்கும் வித்தியாசம் அடியில் இருக்கும் அந்த வால் ஒன்றுதான். இங்கே எழுத்தின் இடப்பக்கம் தாள் லேசான சாம்பல் நிறத்தில் தெரிகிறது. அடிப்பக்கமும் வலப்பக்கமும் சுத்த வெள்ளை. வெளிச்சப் பட்டையின் ஓரம் சரியாக அந்த எழுத்தின் மேல் ஓடுகிறது. வால் இருக்க வேண்டிய இடம் வெள்ளைக்குள் போயிருக்கிறது. ஆகவே இந்த எழுத்து அ-வாகவும் இருக்கலாம், வால் போன ஆ-வாகவும் இருக்கலாம். தாளில் ஒன்றும் அச்சாகாத இடமும், வெளிச்சம் விழுங்கிய இடமும் வேறு வேறு. முதலாவதில் தாளின் நிறம் தெரியும், இரண்டாவதில் ஒன்றுமே தெரியாது. பிரைட்னஸைக் குறைத்துப் பார்த்தாலும் அங்கே வெறும் சாம்பல்தான் வரும். கேமராவில் பதியாத வால் எங்கிருந்து வரும்?

இந்த இரண்டையும் தள்ளிவிட்டால் எதை வைத்து முடிவு செய்வது? கண்ணுக்குச் செங்குத்தாகத் தெரிகிறதா என்று பார்ப்பது உதவாது. என் போட்டோவில் அந்த 90° கோணத்தின் மேல் பாகைமானியை வைத்தேன், 75° பக்கம் காட்டியது. சாய்ந்த போட்டோவில் கோணம் மாறும், நீள விகிதம் மாறும், இணைகோடுகூட இணையாக இருக்காது. மாறாதது என்ன என்றால், எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் இருக்கிறது, எந்த எண் எந்தப் பக்கத்தில் ஒட்டி நிற்கிறது என்பதுதான். அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.

மேல் முக்கோணத்தில் AC என்கிற சாய்ந்த பக்கத்தில் ஓர் எண் இருக்கிறது. அது 8-ஆ, 3-ஆ, 6-ஆ என்று மங்கலாக இருந்தால்கூடக் கவலை இல்லை. எண் நிற்கிற இடமே போதும். (ஆ) கேள்வியில் AB-க்கோ AC-க்கோ எந்த அளவும் கொடுக்கவில்லை. கொடுத்தது அடிப்பக்கத்தின் இரண்டு துண்டுகள் மட்டும். ஆகவே சாய்ந்த பக்கத்தில் எண் இருக்கிற படம் (ஆ)-வுக்கு உரியதாக இருக்க முடியாது. அது (அ).

நடு முக்கோணத்தில் அந்த 4. அது D-க்கு இடப்பக்கம், B என்ற எழுத்துக்கும் D-க்கும் நடுவில் நிற்கிறது. அதாவது BD = 4. (அ)-வில் BD = 3. பொருந்தவில்லை. (ஆ)-வில் BD = 4. பொருந்துகிறது. இன்னொன்றும் கவனியுங்கள். (அ)-வில் DC என்பது நாம் கண்டுபிடிக்க வேண்டிய விடை. விடையைப் படத்திலேயே யாராவது அச்சடிப்பார்களா? தெரியாத நீளத்துக்குப் படத்தில் x போடுவார்கள், இல்லையென்றால் வெறுமனே விடுவார்கள். கணக்குப் போட்டு வந்த எண் படத்தில் ஏற்கெனவே இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன், அது எந்தத் துண்டின் மேல் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது (ஆ)-வை நடு முக்கோணத்தோடு சேர்த்துப் போடலாம். ABD, CAD இரண்டும் வடிவொத்த முக்கோணங்கள். எனவே AD² = BD × DC = 4 × 9 = 36, AD = 6. மிச்சமாக எந்தப் படமும் இல்லை.

நான் அவளைப் போனில் கூப்பிட்டு இதைச் சொன்னேன். கூடவே இன்னொரு போட்டோ கேட்டேன். தாளைக் கவரிலிருந்து வெளியே எடுக்கச் சொன்னேன், டியூப் லைட்டை அணைத்துவிட்டுக் காலையில் ஜன்னல் பக்கம் வைக்கச் சொன்னேன். நாலு மூலையும் உள்ளே வரட்டும் என்றேன். நாலு மூலையும் இருந்தால் ஸ்கேன் ஆப்பில் சாய்வை நிமிர்த்திவிடலாம், மூலை வெட்டுப்பட்டிருந்தால் அது தடுமாறும். எந்த ஆப்பும் வெளிச்சம் தின்ற இடத்தைத் திருப்பித் தராது. கவரை எடுக்க முடியாவிட்டால் இரண்டு போட்டோ எடுங்கள், இரண்டாவதுக்குப் போனைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள். போன் நகர்ந்தால் அந்த வெள்ளைப் பட்டையும் தாளில் இடம் மாறும். ஒன்றில் மறைந்தது இன்னொன்றில் தெரியும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போட்டோ வந்தது. நடு முக்கோணத்தின் கீழே “படம் ஆ”, வாலோடு. D-யில் அந்தச் சின்னச் சதுரமும் இருந்தது. அவள் அதைச் சிவப்பில் வட்டமிட்டு அனுப்பியிருந்தாள்.