இது ஏஐ எழுதினதா? அதே கேள்வியை நீங்களும் போட்டுப் பாருங்க

[ஸ்கிரீன்ல: ஒரு கட்டுரை, சில வரிகள் மஞ்சள்ல]

வணக்கம். பத்தாங்கிளாஸ் தமிழ் கட்டுரை ஒண்ணு கைக்கு வருது, தலைப்பு மழைநீர் சேகரிப்பு. படிக்கும்போதே இது பையன் எழுதின மாதிரி இல்லையேன்னு தோணுது. உடனே பல பேர் பண்றது என்னன்னா அந்த கட்டுரையை அப்படியே சாட்ஜிபிடில போட்டு "இதை நீதான் எழுதினியா"ன்னு கேக்கறது. அதை மட்டும் பண்ணாதீங்க. தான் எழுதினதையெல்லாம் அது ஞாபகம் வெச்சு சொல்றதில்ல, சும்மா ஆமான்னு கூட சொல்லிடலாம். 2023 மே மாசம் டெக்சாஸ்ல ஒரு காலேஜ் வாத்தியார் இப்படித்தான் கேட்டு, அது ஆமான்னு சொன்னதை நம்பி பசங்க மார்க்கை நிறுத்தி வெச்சு உலகம் பூரா நியூஸ் ஆச்சு.

அதுக்கு பதிலா, அந்த பையனுக்கு குடுத்த அதே கேள்வியை ஒரு எழுத்து மாத்தாம டைப் பண்ணுங்க.

[ஸ்கிரீன்ல: "மழைநீர் சேகரிப்பின் அவசியம் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுதுக"]

ஒரு தடவை போதாது. ஒவ்வொரு வார்த்தையையும் அது கொஞ்சம் குலுக்கல் மாதிரி தான் எடுக்குது, அதனால ஒரே கேள்விக்கு ஒவ்வொரு தடவையும் வேற பதில் வரும். ஒரு ஆப்ல அஞ்சாறு, இன்னொரு ஆப்ல அஞ்சாறுன்னு எடுங்க, ஒவ்வொண்ணுக்கும் புது சாட், மெமரி ஆஃப். சந்தேகக் கட்டுரையை அதே சாட்டுல பேஸ்ட் பண்ணிட்டு அப்புறம் கேக்காதீங்க, அதைப் பாத்து அதே மாதிரி எழுதிக் குடுக்கும், நீங்களும் ஆஹா மாட்டிக்கிச்சுன்னு நினைச்சுப்பீங்க. பசங்க இங்கிலீஷ்ல கேட்டு தமிழுக்கு மாத்தறதும் உண்டு, அதனால ரெண்டு மூணு அப்படியும் எடுத்து வெச்சுக்கங்க.

இதோட இன்னொரு கட்டும் வேணும், பல பேர் விடறது இதைத்தான். அதே தலைப்புல மனுஷங்க எழுதினது. சாட்ஜிபிடி வெளிய வந்தது 2022 நவம்பர் 30, அதுக்கு முன்னாடி உள்ள பழைய நோட்டு இல்லன்னா கிளாஸ்ல உக்கார வெச்சு கையில எழுத வெச்சது. இது இல்லாம ஒப்பிட்டா எல்லா புள்ளையும் மெஷினாத்தான் தெரியும்.

ஏன்னு பாருங்க. சந்தேகக் கட்டுரை "நீர் இன்று அமையாது உலகெனின்" குறள்ல ஆரம்பிக்குது. மெஷின் எழுதினதுலயும் பாதிக்கு மேல அதே குறள். ஆனா பழைய நோட்டைத் திறந்தா அங்கயும் அதே குறள் தான், 2003ல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பை கட்டாயமாக்கினது வரைக்கும் அங்க இருக்கு. முன்னுரை, பொருளுரை, முடிவுரையும் அப்படித்தான், நம்ம நோட்ஸ் புக்கு அதை எப்பவோ சொல்லிக் குடுத்துடுச்சு. "முக்கியப் பங்கு வகிக்கிறது"ன்னு எழுதறது மேடைப் பேச்சாளர்ல இருந்து எல்லாரும் தான். இதையெல்லாம் அடிச்சுடுங்க, இது தலைப்பும் பள்ளிக்கூடமும் குடுத்த ஒற்றுமை.

[ஸ்கிரீன்ல: மூணு கட்டம் உள்ள டேபிள்: சந்தேகம், மெஷின், மனுஷன்]

மிச்சத்தை பாருங்க. ஒவ்வொரு பாராவும் என்ன வேலை செய்யுதுன்னு ஒரே வரில எழுதுங்க. இந்த கட்டுரைல பிரச்சனை, முறைகள், நன்மைகள், சவால்கள், அப்புறம் மக்கள் என்ன செய்யலாம்னு போகுது. அந்த "சவால்கள்" பாரா மெஷின் எழுதினதுல கிட்டத்தட்ட எல்லாத்துலயும் இருக்கு, பழைய நோட்டுல ஒண்ணுலயும் இல்ல, எந்த பத்தாங்கிளாஸ் பையன் மழைநீர் தொட்டிக்கு எதிரா நாலு பாயிண்ட் யோசிப்பான்? அடுத்து ஒரு வரி, "ஒவ்வொரு துளியும் நிலத்தடி எனும் வங்கியில் நாம் செலுத்தும் வைப்புத்தொகை". மெஷின் எழுதினதுல நாலஞ்சுல இந்த வங்கி வருது, வார்த்தை கொஞ்சம் கொஞ்சம் மாறி. டேபிள்ல மனுஷன் கட்டம் காலி. வார்த்தைக்கு வார்த்தை ஒத்துப்போகணும்னு தேடாதீங்க, அது மெஷினுக்கும் மெஷினுக்குமே ஒத்துப்போகாது. அது எழுதின ரெண்டை முதல்ல ஒண்ணோட ஒண்ணு ஒப்பிடுங்க, அந்த அளவு ஒற்றுமை சந்தேகக் கட்டுரைலயும் இருக்கான்னு பாருங்க.

இப்போ இது எவ்வளவு தூரம் நிக்கும்? ஒத்துப்போனா மெஷின் எழுதறது மாதிரி இருக்குன்னு சொல்லலாம், மெஷின் எழுதினதுன்னு சொல்ல முடியாது. ஒத்துப்போகலன்னாலும் பையன் தப்பிச்சான்னு இல்ல, அவன் வேற மாதிரி கேட்டிருக்கலாம், பாதியை திருத்தியிருக்கலாம். அதனால இதை வெச்சு மார்க் குறைக்காதீங்க, பையனைக் கூப்பிட்டு எந்த வரியைப் பத்தி கேக்கணும்னு முடிவு பண்ண வெச்சுக்கங்க. "நிலத்தடியை ஏன்டா வங்கின்னு எழுதின, அந்த சவால்கள்ல ரெண்டாவது என்ன, விளக்கு"ன்னு பொறுமையா கேளுங்க.

கூப்பிடறதுக்கு முன்னாடி அந்த வங்கி வரியை கூகுள்ல ஒரு தடவை தேடிடுங்க. ஏதாவது பேச்சுப்போட்டி புக்குல இருந்து வந்த வரின்னா பையனும் மெஷினும் ஒரே கிணத்துல தண்ணி எடுத்திருப்பாங்க, அப்போ அந்த வரியையும் டேபிள்ல இருந்து அடிச்சுட்டு மிச்சம் என்ன நிக்குதுன்னு பாருங்க.