ஜெர்மன் மருந்துக் கடையில் இருமலைச் சொல்வது எப்படி

நேயர்களுக்கு வணக்கம். ஜெர்மனியில் படிக்கவும் பணிபுரியவும் சென்றவர்களுக்கும், பிள்ளைகளுடன் சில மாதங்கள் தங்கி வரச் செல்லும் பெற்றோருக்கும் பயன்படும் ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். அங்குள்ள மருந்துக் கடையில் உடல்நலக் குறைவை ஜெர்மன் மொழியில் எடுத்துச் சொல்லி மருந்து கேட்பது எப்படி என்பதே அது. எல்லா நோய்களையும் தொடாமல், இருமல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சிவப்பு நிறத்தில் பெரிய 'A' எழுத்துப் பலகை தொங்கும் கடைக்கு 'அப்போடேக்கே' என்று பெயர். சோப்பும் பற்பசையும் விற்கும் 'ட்ரோகெரீ' கடைகளில் பாராசிட்டமால்கூடக் கிடைக்காது. அதற்கும் அப்போடேக்கேக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே மருந்தின் பெயரைச் சொன்னவுடன் எடுத்துக் கொடுத்துவிட மாட்டார்கள். யாருக்கு, எத்தனை நாளாக, வேறு என்ன மருந்து உண்கிறீர்கள் என்று கேட்பார்கள். ஆலோசனை சொல்வது அவர்களுடைய சட்டப்படியான கடமை என்பதால், இக்கேள்விகளுக்கான விடையை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு செல்வது நல்லது.

"இஷ் ஹாபெ ஸைட் ட்ரை டாகன் ஹூஸ்டன்." மூன்று நாட்களாக எனக்கு இருமல் இருக்கிறது என்பது இதன் பொருள். 'ஸைட்' என்ற சொல், 'நேற்று முதல்' என்பதில் வரும் 'முதல்' என்னும் பொருளைத் தருகிறது. வினைச்சொல் நிகழ்காலத்திலேயே நிற்கிறது. தமிழிலும் 'இருக்கிறது' என்றே சொல்கிறோம் என்பதால், ஆங்கிலத்தின் வழியாக மொழிபெயர்க்காமல் தமிழிலிருந்தே நேராகச் சென்றால் இவ்வாக்கியத்தில் பிழை வராது. மருந்து கேட்பதற்கு, "இஷ் ப்ரௌஹெ எட்வஸ் கேகன் ஹூஸ்டன்" என்று சொன்னால் போதும். 'கேகன்' என்பதற்கு 'எதிராக' என்று பொருள். இதற்குப் பதிலாக, 'அவருக்காக' என்பதுபோல் 'ஆக' என்று பொருள்படும் 'ஃப்யூர்' என்ற சொல்லைப் போடுவது நம்மவர்கள் அடிக்கடி செய்யும் பிழை.

அடுத்த கேள்விதான் மருந்தைத் தீர்மானிப்பது: இருமல் வறட்டு இருமலா, சளி இருமலா? வறட்டு என்றால் 'ட்ரொக்கன்'; சளியோடு என்றால் 'மிட் ஷ்லைம்'. வறட்டு இருமலுக்கு இருமல் உணர்வை அடக்கும் 'ஹூஸ்டன்ஷ்டில்லர்' வகை மருந்தையும், சளி இருமலுக்குச் சளியை இளக்கி வெளியேற்ற உதவும் 'ஹூஸ்டன்லோஸர்' வகை மருந்தையும் தருவார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் உட்கொள்ளக் கூடாது. ஒன்று சளியை இளக்கும்போது மற்றொன்று அதை வெளியேற்றும் இருமலை அடக்கிவிடுவதால், சளி மூச்சுக்குழாயிலேயே தங்கிவிடும். ஆகவே வீட்டில் ஏற்கெனவே ஒரு பாட்டில் இருந்தால், அதன் பெயரையும் தயங்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மகனைப் பார்க்கச் சென்ற தாயாருக்கு மூன்று வாரங்களாக வறட்டு இருமல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மகன் கடையில், "எஸ் இஸ்ட் ஃப்யூர் மைனெ மூட்டர். ஸீ ஹட் ஸைட் ட்ரை வொஹன் ட்ரொக்கனன் ஹூஸ்டன்" என்கிறார். உடனே, "நிம்ட் ஸீ ஆண்டரெ மெடிகமென்டெ?" என்று கேட்கிறார்கள். வேறு மருந்து ஏதேனும் உண்கிறாரா என்ற இக்கேள்விக்குப் பலர், இரத்த அழுத்த மாத்திரையை நாள்தோறும் உண்ணும் சாப்பாடு போலவே எண்ணி, 'நைன்', அதாவது இல்லை, என்று சொல்லிவிடுகிறார்கள். அந்த விடை பெரிய இழப்பில் முடியலாம். ரமிப்ரில், எனலாப்ரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகளை உண்பவர்களில் சிலருக்கு வறட்டு இருமல் பக்கவிளைவாக வருவதுண்டு. மாத்திரையைத் தொடங்கிப் பல மாதங்கள் கழித்தும் அது வரக்கூடும். "யா, ஸீ நிம்ட் ரமிப்ரில் கேகன் ப்ளூட்ஹோஹ்ட்ருக்", அதாவது ஆம், உயர் இரத்த அழுத்தத்திற்கு ரமிப்ரில் உண்கிறார், என்று சொன்னால், கேட்பவருக்கு ஐயம் எழுந்து, மருத்துவரைப் பார்க்கச் சொல்வார். மருத்துவர் மாற்று மாத்திரை எழுதித் தர இயலும். அதுவரை அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.

இந்திய வணிகப் பெயர்கள் அங்கே பெரும்பாலும் புரியாது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுசென்று, வணிகப் பெயருடன் அச்சிடப்பட்டிருக்கும் மூலமருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் காட்டுவதே உறுதியான வழி.

சளியில் இரத்தம் வந்தால் 'ப்ளூட்' என்றும், மூச்சுத்திணறல் இருந்தால் 'ஆடெம்நோட்' என்றும், காய்ச்சல் இருந்தால் 'ஃபீபர்' என்றும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். கடுமையான மூச்சுத்திணறலுக்குக் கடையைத் தேடாமல் 112 என்ற எண்ணை அழைக்க வேண்டும். மருத்துவர்களின் சிகிச்சையகங்கள் மூடியிருக்கும் நேரத்தில், உயிருக்கு ஆபத்தில்லாத தொல்லைக்கு மருத்துவ ஆலோசனை பெற 116117 என்ற எண் இருக்கிறது.