நிரல் முடிந்தது, கையேடு எங்கே?

[திரை: கிட்ஹப் பணிப்பலகை. 'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' என்று மூன்று பத்திகள். 214 என்ற அட்டை பெரிதாகிறது.]

குரல்: ஒரு சிறு குழு. கோப்புகளைச் சர்வருக்குப் பதிவேற்றும் கட்டளைக் கருவி ஒன்றை உருவாக்குகிறது. இந்த 214ஆம் அட்டையில் இருக்கும் பணி, பதிவேற்றம் தோற்றால் கருவி தானாகவே மறுபடி முயல வேண்டும் என்பது. அதற்காக `--retries` என்ற தெரிவைச் சேர்க்கிறார்கள். நிரலை எழுதியவர் புல் ரிக்வெஸ்டின் விளக்கத்தில் வழக்கம்போல் ஒரு வரி போடுகிறார்.

```
Closes #214
```

சோதனைகள் எல்லாம் பச்சை. சக ஊழியர் ஒப்புதல் தருகிறார். முதன்மைக் கிளையில் இணைத்ததும் கிட்ஹப் இந்த அட்டைக்குரிய 214ஆம் இஷ்யூவை மூடிவிடுகிறது. மூடிய இஷ்யூவின் அட்டையை 'முடிந்தவை' பத்திக்கு நகர்த்தும் விதி, புதிய பலகையில் ஆரம்பத்திலிருந்தே இயங்கும். யாரும் தொடாமலே அட்டை வலது ஓரம் போய்ச் சேர்ந்தது.

[திரை: கையேட்டின் பக்கம். தேடல் பெட்டியில் retries. முடிவு எதுவும் இல்லை.]

கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கவனியுங்கள், ஆவணம் வேண்டாம் என்று இங்கே யாரும் முடிவெடுக்கவில்லை. ஆவணப் பணிகளுக்கென்று ஒரு தனி விரிதாள் இருந்தது. அதை வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் திறந்து பார்ப்பார். அந்த வாரம் அவர் விடுப்பில் போயிருந்தார், அவ்வளவுதான்.

[திரை: ஓபன்ஸ்டேக் கமிட் செய்தியின் மாதிரி. கடைசி வரியில் DocImpact.]

பெரிய குழுக்களும் இந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கின்றன. நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் 2010இல் தொடங்கிய ஓபன்ஸ்டேக் என்ற மேகக் கணிமைத் திட்டத்தில், ஆவணத்தைத் தொடும் மாற்றம் என்றால் கமிட் செய்தியில் `DocImpact` என்று எழுதினால் போதும். மாற்றம் இணைந்ததும் ஒரு பிழைப் பதிவு தானாக உருவாகும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தப் பதிவு போய்ச் சேர்ந்தது ஆவணக் குழுவின் வரிசைக்கு. நிரலை எழுதியவருக்கோ சொல்லை எழுதியதோடு கடமை முடிந்தது. ஆவணக் குழுவின் கையில் கிடைத்தது ஒரு கமிட் செய்தி மட்டுமே. எது மாறியது, பயனர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை அவர்கள் துப்பறிந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிற்பாடு அந்தப் பதிவு அந்தந்தத் திட்டத்தின் சொந்த வரிசைக்கே போகும்படி மாற்றினார்கள். ஆவணக் குழுவில் ஆட்கள் குறைந்துபோன 2017இல், கையேடுகளில் பெரும்பகுதியையே நிரல் இருக்கும் களஞ்சியங்களுக்குக் குடிபெயர்த்தார்கள்.

[திரை: ஜாங்கோவின் டிக்கெட் பக்கம். Needs documentation என்ற பெட்டி ஒளிர்கிறது.]

பைத்தான் வலைச் சட்டகமான ஜாங்கோ வேறு வழியில் போனது. அங்கே ஆவணத்துக்கு வேறு டிக்கெட் தேவையில்லை. நிரலுக்கான டிக்கெட்டிலேயே `Needs documentation` என்று ஒரு குறி உண்டு. நிரல் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஆவணம் முழுமையாகாத வசதியைச் சேர்ப்பதில்லை என்பது அவர்களின் எழுதப்பட்ட விதி. ஆவணம் இல்லாமை அங்கே நிரலிலுள்ள ஒரு குறையாகவே எண்ணப்படுகிறது.

நம் 214ஐ இதே முறையில் மறுபடி நடத்திப் பார்ப்போம்.

[திரை: 214இன் கீழே இரண்டு துணை இஷ்யூக்கள் சேர்கின்றன. 'நடப்பவை'க்கும் 'முடிந்தவை'க்கும் நடுவே 'ஆவணம்' என்ற பத்தி முளைக்கிறது.]

அட்டையை உருவாக்கும்போதே அதன் கீழ் இரண்டு துணை இஷ்யூக்கள். ஒன்று, கட்டளைக் கையேட்டில் புதிய தெரிவைப் பற்றிய விளக்கம். மற்றொன்று, வெளியீட்டுக் குறிப்பில் ஒரு வரி. 'ஆவணத்தைப் புதுப்பிக்கவும்' என்று மொட்டையாக எழுதிய அட்டையை யாரும் எடுக்க மாட்டார்கள். எந்தப் பக்கம், என்ன எழுத வேண்டும் என்பது அதிலேயே இருக்க வேண்டும். அட்டைக்கு `needs-docs` என்ற லேபிளும் ஒட்டுகிறோம்.

அடுத்தது புல் ரிக்வெஸ்டின் அந்த ஒற்றை வரி. நிரலைக் கொண்டுவரும் புல் ரிக்வெஸ்டில் இப்படி எழுதுங்கள்:

```
Refs #214
```

இது இஷ்யூவை இணைத்துக் காட்டும், மூடாது. `Closes` என்ற சொல்லை ஆவணத்தைக் கொண்டுவரும் புல் ரிக்வெஸ்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். நிரலும் ஆவணமும் ஒரே களஞ்சியத்தில் இருந்தால் இரண்டையும் ஒரே புல் ரிக்வெஸ்டில் அனுப்புவது இன்னும் நல்லது. அப்போது இந்தச் சொல் விளையாட்டே தேவைப்படாது.

[திரை: அட்டை 'ஆவணம்' பத்திக்கு நகர்கிறது. கையேட்டு விளக்கம் எழுத்தெழுத்தாகத் தட்டச்சாகிறது.]

இப்போது கையேட்டு விளக்கத்தை எழுத உட்காருகிறார் ஒருவர். "பதிவேற்றம் தோற்றால் கருவி 3 முறை மறுபடி முயலும். இடையே 2, 4, 8 விநாடிகள் காத்திருக்கும்" என்று எழுதியதும் கை நிற்கிறது. எல்லாத் தோல்விகளுக்குமா? அனுமதி இல்லை என்று சர்வர் 403 சொன்னாலும் மூன்று முறை தட்டிக்கொண்டே இருக்குமா? நிரலைத் திறந்து பார்த்தால், ஆமாம், தட்டுகிறது. அனுமதியே இல்லாதவர் 14 விநாடி காத்திருந்த பிறகுதான் அதைத் தெரிந்துகொள்வார். 10 விநாடியில் காலக்கெடு வைத்த பழைய ஸ்கிரிப்ட் என்றால், பிழைச்செய்தி வரும் முன்பே அது செத்துவிடும்.

இது நிரலிலுள்ள பிழை. சோதனைகளுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் 403ஐ யாரும் சோதிக்கவில்லை. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் போனதால் வெளியே வந்தது. நிரலை எழுதியவர் அதே வாரம் அதே அட்டையில் இருப்பதால் அரை மணி நேரத்தில் திருத்துகிறார். மூன்று மாதம் கழித்துக் கேட்டிருந்தால் "அப்படியா எழுதினேன்?" என்பார்.

[திரை: 'ஆவணம்' பத்தியில் பதினொரு அட்டைகள் குவிந்திருக்கின்றன.]

ஆனால் 'ஆவணம்' என்று ஒரு பத்தி வைத்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இருந்த ஒரு குழுவில் அது வண்டி நிறுத்துமிடம் ஆகிவிட்டது. நிரல் முடிந்த அட்டைகளை எல்லாரும் அங்கே நிறுத்திவிட்டு அடுத்த நிரலுக்குப் போனோம். நானும் நிறுத்தினேன். அந்தப் பத்திக்கு மூன்று அட்டை என்று உச்சவரம்பு வைத்த பிறகே நகர்வு வந்தது. மூன்றும் நிரம்பினால், புதிய நிரல் பணியை எடுப்பதற்குப் பதில் அங்கே இருப்பதில் ஒன்றை முடிக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: கிட்ஹப் பலகையில் பத்திக்கு வரம்பு வைக்கலாம், ஆனால் மீறினால் அது தடுக்காது, காட்ட மட்டுமே செய்யும். தடுக்க வேண்டியது காலைக் கூட்டத்தில் நிற்கும் மனிதர்கள்.

புதியவருக்கான முழுப் பயிற்சிப் பாடம் போன்ற பெரிய எழுத்துப் பணியை எந்த நிரல் அட்டையின் கீழும் தொங்கவிடாதீர்கள். இரண்டு வாரம் பிடிக்கும் பாடத்துக்காக முடிந்த வசதி காத்துக்கிடக்கும், கடைசியில் எரிச்சலில் யாராவது விதியையே தூக்கிப் போடுவார்கள். அதற்கு அதே பலகையில் தனி அட்டை, தனிப் பொறுப்பாளர்.

[திரை: கிட்ஹப்பின் இஷ்யூ தேடல் பெட்டி.]

உங்கள் குழுவில் இப்போது என்ன நிலை? லேபிளுக்கு ஒரே ஒரு விதி: ஆவணம் இணைந்த பிறகுதான் `needs-docs` கழற்றப்படும். அதைக் கடைப்பிடித்தால், மாதம் ஒருமுறை இந்த வரியைத் தேடலில் இட்டால் போதும்.

```
is:issue is:closed label:needs-docs
```

மூடப்பட்டும் லேபிள் கழலாமல் நிற்கும் ஒவ்வொரு இஷ்யூவும் சத்தமில்லாமல் நழுவிப்போன ஒரு பக்கம். ஒவ்வொன்றாக மறுபடி திறந்து, பலகையின் 'ஆவணம்' பத்தியில் கொண்டுவந்து வையுங்கள். எண்ணிக்கை மூன்றை எட்டினால், அடுத்த நிரல் அட்டையை எடுக்கப்போகிறவர் முதலில் அங்கே வரட்டும்.

[திரை: 214ஆம் அட்டையிலிருந்து லேபிள் கழல்கிறது. அட்டை 'முடிந்தவை' பத்திக்கு நகர்கிறது.]